மியூட்டாட்டிஸ் மியூட்டாண்டிஸ்: ஒப்பந்தத்தில் ஓர் இலத்தீன் தொடர்

கட்டட வேலை, நிலக்குத்தகை, கப்பல் வணிகம் முதலியன பற்றி எழுதப்பெறும் ஒப்பந்தங்களிற் பழகியோர் ஒரு வாக்கியத்தை அடிக்கடி கண்டிருப்பர். 'முதன்மை ஒப்பந்தத்தின் விதிகள் மியூட்டாட்டிஸ் மியூட்டாண்டிஸ் இவ்வொப்பந்தத்திற்கும் பொருந்தும்' என்பது அதன் வடிவம். இரண்டு பக்கத்தில் அடங்கிய துணையொப்பந்தம் ஒன்று இவ்வொரு வாக்கியத்தால் எழுபது எண்பது விதிகளைத் தன்னுட் கொண்டுவிடுகின்றது. எழுதியவருக்கு வேலை குறைந்தது. படிப்பவருக்கோ அது பன்மடங்காயிற்று. எந்த விதி எவ்வாறு மாறி வந்துள்ளது என்பதைத் தாளில் எங்கும் காண இயலாது. படிப்பவரே ஒவ்வொரு விதியையும் தம் மனத்துள் திருத்தி எழுதிக்கொள்ளல் வேண்டும். இருவர் படித்தால் இருவகைத் திருத்தம் தோன்றுதல் இயல்பு. அவ்விருவரும் ஒப்பந்தத்தின் இரு தரப்பினராயின் வழக்குத் தோன்றுதலும் இயல்பே. இத்தொடர் எத்தகைய மாற்றத்திற்கு இடந்தருகின்றது, எத்தகைய மாற்றத்திற்கு இடந்தாராது என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் சொல்லிலக்கணத்தைக் காண்போம். இலத்தீன் மொழியில் 'மியூட்டோ' என்பது 'மாற்றுகின்றேன்' எனப் பொருள்படும் வினை. அதன் அடியாகப் பிறந்த 'மியூட்டாட்டிஸ்' என்பது மாற்றப்பட்டமையை உணர்த்தும் செயப்பாட்டு இறந்தகால எச்சம். 'மியூட்டாண்டிஸ்' என்பதும் அவ்வடியிற் பிறந்ததே. ஆயின் அது மாற்றப்பட வேண்டியவற்றைக் குறிக்கும். இலத்தீன் இலக்கணத்தார் இவ்வடிவினை ஜெரண்டிவ் என்பர். நம்மிடையே வழங்கும் 'அஜெண்டா', 'மெமோராண்டம்' என்பனவும் இவ்வடிவினவே. முன்னது செய்யப்பட வேண்டியவை எனவும், பின்னது நினைவிற் கொள்ளப்பட வேண்டியது எனவும் பொருள்படும். இவ்வடிவின் உயிர் 'வேண்டும்' என்னும் கட்டாயப் பொருளிலே உள்ளது. 'மாற்றத்தக்கவை' என்றோ 'மாற்றினால் நலம் பயப்பவை' என்றோ அது பொருள்படாது.

இவ்விரு சொற்களும் ஒரே வேற்றுமையில் பன்மையாய் நின்று, வாக்கியத்தின் ஏனைய உறுப்புகளோடு ஒட்டாது தனித்தியங்குகின்றன. 'மழை பெய்யக் குளம் நிறைந்தது' என்னுமிடத்து 'மழை பெய்ய' என்பது தனக்கு வேறு எழுவாய் கொண்டு நின்று, முடிக்கும் வினையின் சூழ்நிலையை உணர்த்துதல் போன்றதே அது. எனவே, 'மாற்றப்பட வேண்டியவை மாற்றப்பட, இவ்விதி பொருந்தும்' என்பது தொடரின் நேர்பொருளாம். மாற்றுபவர் யாவர் என்பது தொடரில் இல்லை என்பதையும் நோக்குக. இலத்தீன் வடிவம் வினைமுதலை மறைத்துவிட்டது. பூசல் நேருங்கால் அம்மறைந்த வினைமுதல் நீதிபதியாகவே முடிகின்றார்.

இத்தகைய சுருக்க முறை தமிழ் இலக்கணம் கற்றோர்க்குப் புதியதன்று. ஓர் ஈற்றுக்குக் கூறிய புணர்ச்சி விதியை மற்றோர் ஈற்றுக்கும் உரித்தென ஒரு சிறு நூற்பாவால் ஏற்றிக் கூறுதல் தொல்காப்பியர்க்கு வழக்கம். உரையாசிரியர்கள் அதனை மாட்டேறு என்பர். அகர ஈற்றுப் பெயரின்முன் வல்லெழுத்து வந்தால் அவ்வொற்று மிகும் என்று கூறிய ஆசிரியர், ஆகார ஈறும் அகர ஈற்றின் இயல்பினதே என மாட்டெறிவர். அதனால் 'விளக்குறிது' என்பதுபோல் 'தாராக்குறிது' என்பதும் அமைகின்றது. ஈறு மாறிற்று, ஒற்று மிகும் என்னும் விதி மாறவில்லை. ஆகார ஈற்றிலேயே பசுவை உணர்த்தும் 'ஆ', விலங்கை உணர்த்தும் 'மா' ஆகியவை இவ்வாறு மிகாமையின், அவற்றிற்குத் தனி நூற்பாச் செய்தார். மாட்டேற்றால் வந்த விதியைக் கிளந்து கூறிய விதி விலக்கும் என்னும் இம்முறை ஒப்பந்தத்திற்கும் பொருந்துவதைப் பின்னர்க் காண்போம்.

நம் உச்ச நீதிமன்றம் 1983ஆம் ஆண்டில் அசோக் சர்வீஸ் சென்டர் எதிர் ஒரிசா மாநிலம் என்னும் வழக்கில் இத்தொடரை ஆராய்ந்தது. ஒரிசாவின் 1975ஆம் ஆண்டுக் கூடுதல் விற்பனை வரிச்சட்டம், அதற்கு முன்னிருந்த முதன்மை விற்பனை வரிச்சட்டத்தின் விதிகளை இத்தொடரால் தனக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. ஏற்றப்படுவது எந்த அளவிற்கு மாறலாம் என்னும் வினாவிற்கு நீதிமன்றம் கூறிய விடையின் சாரம் இது: தழுவி அமைத்தல் என்னும் கருத்து இத்தொடரில் உண்டு, ஆயினும் நோக்கத்திற்கு இன்றியமையாத அளவே அது செல்லும், மாற்றப்படும் பொருளின் அடிப்படை இயல்பு மாறுதல் கூடாது, பிந்திய சட்டத்தில் வெளிப்படையாக வேறு கூறியிருப்பின் அதுவே மேலோங்கும். அவ்வழக்குச் சட்டத்தைப் பற்றியது. ஆயினும் அதிற் கண்ட நெறி ஒப்பந்தத்தைப் படிப்போர்க்கும் வழிகாட்டுகின்றது. ஜெரண்டிவ் வடிவில் அடங்கியிருந்த 'வேண்டும்' என்னும் பொருளையே நீதிமன்றமும் வரம்பாகக் கொண்டமை கருதற்பாலது.

இந்நெறியைக் கையாளும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒருவர் தம் நிலத்தில் 2 கோடி ரூபாயில் கட்டடம் எழுப்ப ஓர் ஒப்பந்தக்காரரை அமர்த்துகின்றார் எனக் கொள்வோம். அவ்வொப்பந்தக்காரர் மின்கம்பி அமைக்கும் வேலையை மட்டும் 12 இலட்சம் ரூபாய்க்கு ஒரு துணை ஒப்பந்தக்காரரிடம் விடுகின்றார். துணையொப்பந்தத்தில் வேலையும் விலையும் முடிக்கவேண்டிய நாளும் உள்ளன. ஏனையவற்றிற்கு முதன்மை ஒப்பந்த விதிகள் மியூட்டாட்டிஸ் மியூட்டாண்டிஸ் பொருந்தும் என்று மட்டுமே எழுதப்பட்டுள்ளது.

முதன்மை ஒப்பந்தத்தின் ஒரு விதி, 'பொறியாளர் சுட்டும் குறைகளை ஒப்பந்தக்காரர் தம் செலவில் திருத்தி உரிமையாளரிடம் ஒப்படைத்தல் வேண்டும்' என்கின்றது. ஒப்பந்தக்காரர் என்னுமிடத்துத் துணை ஒப்பந்தக்காரர் எனவும், உரிமையாளர் என்னுமிடத்து ஒப்பந்தக்காரர் எனவும் மாற்றிப் படித்தல் எளிது. அப்படியானால் பொறியாளர் யாவர்? ஒவ்வொருவரையும் ஒருபடி கீழிறக்க வேண்டுமென்று கருதி, முதன்மை ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளரையே பொறியாளராகக் கொள்வாரும் உளர். அது பொருந்தாது. கட்டடத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் பொறியாளர் அவ்விடத்தில் ஒருவரே. அவரை மாற்றாமலே விதி நன்கு இயங்குகின்றது. ஆகவே அவர் மாற்றப்பட வேண்டியவர் அல்லர். பெயர் மாற்றத்திலும் 'மாற்றாவிடில் இவ்விதி இயங்குமா?' என்ற வினாவை ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியே கேட்டல் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

அடுத்துத் தாமத இழப்பீடு பற்றிய விதி. 'வேலை முடியத் தாமதமாகும் ஒவ்வொரு நாளைக்கும் 20,000 ரூபாய்; மொத்தம் ஒப்பந்த விலையின் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படலாகாது' என்று உள்ளது எனக் கொள்வோம். முதன்மை ஒப்பந்தத்தில் உச்ச அளவு 20 இலட்சம். அதனை எட்ட 100 நாள் ஆகும். இவ்விதி துணையொப்பந்தத்திற்கு வருங்கால், 'ஒப்பந்த விலை' என்பதைத் துணையொப்பந்த விலையாகக் கொள்ளுதல் இன்றியமையாதது. அவ்வாறு கொள்ளாவிடில், 12 இலட்சம் பெறும் வேலைக்கு 20 இலட்சம் இழப்பீடு என்னும் பொருந்தா நிலை தோன்றும். எனவே உச்ச அளவு 1,20,000 ரூபாயாகின்றது. நாளொன்றுக்கு 20,000 என்பதோ? அதனையும் வேலையின் அளவிற்கேற்பக் குறைத்து 1,200 ரூபாய் ஆக்குதல் நேர்மை எனத் துணை ஒப்பந்தக்காரர் வாதிடுவார். விகிதம் நோக்கின் கணக்குச் சரியே. ஆயினும் இத்தொடர் அதற்கு இடந்தருவதாகத் தோன்றவில்லை. 'ஒப்பந்த விலை' என்பது தான் நிற்கும் ஒப்பந்தத்தைச் சார்ந்து பொருள் தரும் சொல். இடம் மாறினால் பொருளும் தானே மாறும். 20,000 என்பது எண். அது எங்கு நின்றாலும் 20,000 தான். அதனை 1,200 ஆக்குவதா, 5,000 ஆக்குவதா என்பதற்கு ஒப்பந்தத்தில் விடையில்லை. விடை ஒன்றேயாக இல்லாதவிடத்து மாற்றம் இன்றியமையாதது எனல் அரிது. அது புதிய பேரம் ஆகும். ஆகவே துணை ஒப்பந்தக்காரர் ஆறே நாளில் உச்ச அளவை எட்டிவிடுவார். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 இன் 74ஆம் பிரிவு, குறிப்பிட்ட தொகையை மேல்வரம்பாகக் கொண்டு அதற்குட்பட்ட நியாயமான ஈட்டினையே வழங்குமாறு கூறுதலின், அவருக்கு அவ்வழியில் ஒருகால் ஆறுதல் கிடைக்கலாம். அது சட்டம் தரும் ஆறுதலே. இலத்தீன் தொடர் தருவதன்று.

காலவரையறையிலும் இவ்விடர்ப்பாடு உண்டு. அங்கே அதனால் துன்புறுபவர் முதன்மை ஒப்பந்தக்காரர். மிகைவேலைக்குப் பணம் கேட்போர் 28 நாளுக்குள் எழுத்தால் அறிவித்தல் வேண்டும் என முதன்மை ஒப்பந்தம் கூறுமாயின், துணை ஒப்பந்தக்காரருக்கும் அதே 28 நாள் கிடைக்கின்றது. அவர் இறுதி நாள் மாலையில் அறிவித்தாரானால், அதனை உரிமையாளரிடம் கொண்டுசெல்ல முதன்மை ஒப்பந்தக்காரருக்கு நாளே எஞ்சாது. கீழே கொடுக்கவேண்டிய பணத்தை மேலே பெற இயலாது போகும். துணையொப்பந்தத்தில் 21 நாள் என்று ஒரு வரி எழுதியிருப்பின் இத்துன்பம் இல்லை. எழுதாததைத் தொடர் எழுதித் தாராது.

சொல்லை மாற்றிப் படித்தலின் எல்லையைக் காட்டும் இரு வழக்குகள் இங்கிலாந்தின் கப்பல் வணிகத்தில் எழுந்தன. இரண்டும் அந்நாட்டில் அக்காலத்து இறுதி நீதிமன்றமாய் விளங்கிய பிரபுக்கள் சபையில் முடிவுற்றவை. இவ்விலத்தீன் தொடரையே பொருளாகக் கொண்டவை அல்ல அவை. ஆயினும் ஓர் ஆவணத்தின் சொற்கள் வேறோர் ஆவணத்துள் நுழையும்போது எவ்வாறு படிக்கப்பட வேண்டும் என்ற அதே வினாவைப் பற்றியவை.

முதலாவது, 1958ஆம் ஆண்டில் முடிந்த அடமாஸ்டோஸ் வழக்கு. கப்பலை அமர்த்தும் ஒப்பந்தம் ஒன்றில் ஓர் அச்சுத்தாள் ஒட்டப்பட்டிருந்தது. 'இச்சரக்குச் சீட்டு, அமெரிக்க நாட்டின் 1936ஆம் ஆண்டுக் கடல்வழிச் சரக்கேற்றச் சட்டத்திற்கு உட்பட்டது' என்னும் கருத்து அதில் இருந்தது. ஒட்டப்பட்ட ஆவணமோ சரக்குச் சீட்டன்று. கப்பலை அமர்த்தும் ஒப்பந்தம். அதற்கு மேலும் ஓர் இடையூறு: கப்பல் அமர்த்தும் ஒப்பந்தங்களுக்குத் தன் விதிகள் பொருந்தா என்று அச்சட்டமே கூறுகின்றது. சொல்லை உள்ளவாறே கொண்டால் ஒட்டிய தாள் முழுவதும் வீணாகும். இரு தரப்பினரும் ஏதோ ஒரு பயன் கருதியே அதனை ஒட்டியிருத்தல் வேண்டும் எனக் கொண்டு, 'சரக்குச் சீட்டு' என்பதை 'ஒப்பந்தம்' எனப் படித்துச் சட்டத்தின் விதிகளை உள்ளே ஏற்றனர் பெரும்பான்மை நீதிபதிகள். ஆயினும் நீதிபதியரிடையே கருத்து வேற்றுமை இருந்தது என்பதையும் கூறுதல் வேண்டும்.

இரண்டாவது, 1984ஆம் ஆண்டின் மிராமார் வழக்கு. இங்கு நுழைவு எதிர்த்திசையில் நிகழ்ந்தது. அமர்த்தும் ஒப்பந்தத்தின் விதிகள் சரக்குச் சீட்டினுள் ஏற்றப்பட்டன. சரக்கை இறக்கத் தாமதமானால் கப்பலை அமர்த்தியவர் தாமதக் கட்டணம் செலுத்துதல் வேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. அக்கட்டணம் கிடைக்காமையால் கப்பலுடையார், 'அமர்த்தியவர்' என்னுமிடத்துச் 'சரக்குப் பெறுபவர்' எனப் படித்து அவரிடம் பணம் கேட்டனர். பெயர்மாற்றம் என்ற அளவில் இது முன்னையதினும் எளிது. ஒரு சொல்லே மாறும். எனினும் நீதிமன்றம் மறுத்தது. அமர்த்தியவர் என்ற சொல்லை மாற்றாமலே விதி பொருள் தருகின்றது. மாற்றினாலோ, கப்பல் எங்கெங்குத் தாமதித்தது என்பதை அறியவும் தடுக்கவும் இயலாத ஒருவர் அளவறியாக் கடனுக்கு ஆளாவார். அறிவுடைய வணிகர் எவரும் அதற்கு உடன்பட்டிரார் என்று டிப்ளாக் பிரபு கருதினார்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் வேறுபாடு புலனாகும். முன்னதில் மாற்றாவிடில் விதி இறந்துபடும். பின்னதில் மாற்றாமலே விதி வாழ்கின்றது, மாற்றினால் சுமை புதியவர் ஒருவர்மேல் விழுகின்றது. முன்னது மாற்றப்பட வேண்டியது. பின்னது மாற்றிக்கொள்ள ஒருவர் விரும்பியது.

நடுவர் தீர்ப்பு பற்றிய விதி இவற்றினும் கடுமையாக நோக்கப்படுகின்றது. அதற்குக் காரணம் உண்டு. ஏனைய விதிகள் வேலையைப் பற்றியவை; நடுவர் விதியோ நீதிமன்றம் செல்லும் உரிமையைக் கைவிடுதல் பற்றியது. எம். ஆர். எஞ்சினியர்ஸ் எதிர் சோம் தத் பில்டர்ஸ் என்னும் வழக்கில் 2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதனை விரிவாக ஆராய்ந்தது. கேரள அரசின் பொதுப்பணி வேலையொன்றை ஏற்ற ஒப்பந்தக்காரர் அதிற் சிலவற்றைத் துணையொப்பந்தமாக விட்டிருந்தார். வேறு குறிப்பிடப்படாதவிடத்து முதன்மை ஒப்பந்த நிபந்தனைகளின்படி துணைவேலை நடைபெறும் என்பது துணையொப்பந்தத்தின் வாசகம். அங்கும் இலத்தீன் தொடர் இல்லை. முதன்மை ஒப்பந்தத்தின் நடுவர் விதி தமக்கும் பொருந்தும் எனத் துணை ஒப்பந்தக்காரர் வழக்குரைத்தார். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. வேலை எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதற்கே அவ்வாசகம் முதன்மை ஒப்பந்தத்தைச் சுட்டிற்று என்றும், வேறோர் ஆவணத்தின் நடுவர் விதியை ஏற்க வேண்டுமாயின் அதனையே கருதிச் சுட்டல் வேண்டும் என்றும் அது கூறிற்று. நடுவர் தீர்ப்பு, சமரசச் சட்டம், 1996 இன் 7ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவே இம்முடிவிற்கு அடிப்படை. வணிகச் சங்கங்களும் தொழில்முறை நிறுவனங்களும் வெளியிடும் பொது நிபந்தனைகளைச் சுட்டுதல் இதற்கு ஒரு விலக்கு. அங்கே பொதுச் சுட்டே போதும் என்றது அத்தீர்ப்பு.

துணையொப்பந்தத்தில் 'மியூட்டாட்டிஸ் மியூட்டாண்டிஸ்' என்று சேர்த்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என வினவலாம். அச்சேர்க்கை மட்டும் போதாது என்பதே நம் கருத்து. அரசு ஒப்பந்தங்களின் நடுவர் விதிகளில், நடுவருள் ஒருவரை அரசு அமர்த்தும் என்று இருத்தல் உண்டு. அரசு தரப்பாக இல்லாத துணையொப்பந்தத்தில் அவ்விடத்தை யாருக்குக் கொடுப்பது? ஒப்பந்தக்காரருக்கு என்பர் ஒருசாரார். அமர்த்தும் உரிமையை இருவர்க்கும் பொதுவாக்குதலே முறை என்பர் மற்றோர். முன்னர்க் கண்ட நாட்கூலி எண்ணைப் போன்றே இங்கும் விடை ஒன்றன்று. இத்தொடர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட விதியைத் திருத்திப் படிக்க உதவும். வாராத விதியை இழுத்துவர உதவாது.

ஆதலின் ஒப்பந்தம் எழுதுவோர் இத்தொடரைக் கைவிட வேண்டும் என்பதன்று. அதன் சுமையைக் குறைத்தல் வேண்டும். ஏற்கப்படும் விதிகளை எண்ணிட்டுக் குறித்தலும், எச்சொல்லுக்கு எச்சொல் எனச் சிறு பட்டியல் ஒன்றை இணைத்தலும், நாள் கணக்கையும் தொகையையும் புதிதாக எழுதுதலும், நடுவர் விதியைத் தனியே முழுமையாக எழுதுதலும் போதும். இரண்டு ஆவணமும் முரணினால் எது மேலோங்கும் என்பதையும், முதன்மை ஒப்பந்தம் பின்னர்த் திருத்தப்படின் அத்திருத்தம் இங்கும் தொடருமா என்பதையும் ஒவ்வொரு வரியில் கூறிவிடலாம். பட்டியலை எழுதத் தொடங்கும்போதுதான் எவ்விதி இயங்காது என்பது எழுதுபவர்க்கே தெரியவரும். அப்பட்டியலின் பெரும்பயன் அதுவே என்போம்.

இறுதியாக, இத்தொடரைத் தமிழில் எழுதும் முறை பற்றி ஒரு சொல். 'தக்க மாறுதல்களுடன்', 'உரிய மாறுதல்களுடன்', 'வேண்டிய மாறுதல்களுடன்' என மூவகையாகவும் எழுதலாம். 'தக்க' என்பது பொருத்தம் பார்க்கும் உரிமையைப் படிப்பவர்க்கு அளித்துவிடுகின்றது. நாளொன்றுக்கு 1,200 ரூபாயே தக்கது என வாதிடுவார்க்கு அது துணைபோகும். 'உரிய' என்பது சற்று நெருங்கியது. எனினும் எதனால் உரியது என்னும் வினா எஞ்சி நிற்கும். 'வேண்டிய' என்பது ஜெரண்டிவ் வடிவிற்கு நேரானது. ஆனால் தமிழில் 'வேண்டுதல்' விரும்புதலையும் குறிக்குமாதலின், 'எனக்கு வேண்டிய மாறுதல்' என ஒருவர் பொருள்கொள்ள இடமுண்டு. 'இன்றியமையா மாறுதல்களுடன் மட்டும்' என்று எழுதினால் தொடர் சிறிது நீளும். நெறியும் சொல்லிலே வெளிப்பட்டு நிற்கும்.